லைன் வீடு: 6 சதவீதம் உண்மையில் எவ்வளவு?

"திருப்பூரில் எட்டு லைன் வீடுகள், மொத்த வாடகை மாதம் 40,000. விலை 80 லட்சம். 50 லட்சம் கடன், வட்டி 9 சதவீதம். 6 சதவீத வருமானம் வருகிறதே, வாங்கலாமா?"

அந்த 6 சதவீதம் தரகர் கணக்கு, நண்பரே. ஆண்டு வாடகை 4.8 லட்சம். ஆர்டர் குறைந்தால் பனியன் கம்பெனி ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். காலி வீடுகளுக்கென்று 40,000 கழியுங்கள். சொத்து வரி, தண்ணீர் லாரி, மோட்டார் மின்கட்டணம், செப்டிக் டேங்க், வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்து 80,000 என்று வையுங்கள். நிகர இயக்க வருமானம் 3.6 லட்சம், விலையில் 4.5 சதவீதம். (அட்வான்ஸ் பணம் திருப்பித் தர வேண்டியது, வருமானத்தில் சேராது.)

அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய லைன் வீடுகளின் நிகர வருமானத்தை, பத்திரத்தில் எழுதிய தொகையால் அல்ல, உண்மையில் கைமாறிய விலையால் வகுங்கள். அதுதான் கேப் ரேட். அது 5 சதவீதம் என்றால், 3.6 லட்சத்தை 0.05-ஆல் வகுக்க 72 லட்சம் வரும். எட்டு லட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

72-க்கே முடித்தாலும் கடன் இடிக்கிறது. 50 லட்சத்துக்கு முதல் ஆண்டு வட்டியே ஏறக்குறைய 4.5 லட்சம். அசலைத் தொடுவதற்கு முன்பே 90,000 கைப்பணம் போகும். 5 சதவீதம் தரும் சொத்துக்கு 9 சதவீதக் கடன் என்றால், கடன் கூடக் கூட நட்டமும் கூடும். மனை விலை ஏறும் என்று நம்பினால் மட்டுமே இதை வாங்கலாம். அப்படியானால் நீங்கள் வாங்குவது வாடகையை அல்ல, மனையை.