முதல் சுற்றில் காணாமல் போகும் 48 mAh/g

"கிராஃபைட் காயின் செல், எதிர்முனை லித்தியம் உலோகம். முதல் சுற்றில் 400 mAh/g உள்ளே போனது, 352 தான் திரும்பியது. செல் பழுதா?"

பழுதில்லை. கிராஃபைட்டின் கோட்பாட்டு வரம்பே 372 தான். 400 போனதென்றால் எல்லாமே அதன் அடுக்குகளுக்குள் போகவில்லை என்று அர்த்தம். மின்னழுத்தம் 0.8 V அருகே இறங்கும்போது மின்பகுளியிலுள்ள எத்திலீன் கார்பனேட் எலக்ட்ரானை வாங்கிச் சிதைகிறது. அந்தச் சிதைவு லித்தியத்தையும் பிடித்துக்கொண்டு, Li₂CO₃, கரிம லித்தியம் உப்புகள் என்று துகள்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. இதுதான் எஸ்.இ.ஐ. படலம். அதில் சிக்கிய லித்தியம் திரும்பி வராது. உங்கள் 48-இல் பெரும்பகுதி அதுதான்.

இந்த இழப்பைத் தவிர்க்கவும் முடியாது. படலம் லித்தியம் அயனியை விடும், எலக்ட்ரானை விடாது. அதனால்தான் சிதைவு தானே அடங்குகிறது. படலம் இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் மின்பகுளி சிதைந்து தீர்ந்துகொண்டே போகும்.

ஆனாலும் உள்ளே போனதில் 88% மட்டும் திரும்பியது கொஞ்சம் குறைவு. நல்ல கிராஃபைட் 90-ஐத் தாண்டும். கடத்தும் கார்பனை அதிகம் சேர்த்தீர்களா? அதன் பரப்பு மிகப் பெரியது, அத்தனையின் மேலும் படலம் படியும். மின்முனையை வெற்றிடத்தில் நன்றாக உலர்த்தியதையும் சரிபாருங்கள். dQ/dV வரைபடத்தில் 0.8 V முகடு இரண்டாம் சுற்றில் மறைந்திருந்தால் படலம் நன்றாக அமைந்துவிட்டது. மறுபடி தெரிந்தால் இன்னும் சிதைவு நடக்கிறது.