ஒரே குறிப்புக்கு இரண்டு விடை பொருந்தினால் எதை எழுதுவது?

கேள்வி: குறுக்கெழுத்தில் ஒரு குறிப்புக்கு இரண்டு சொற்கள் சரியாக வருகின்றன, எழுத்து எண்ணிக்கையும் ஒன்றுதான். எதை நிரப்புவது?

இடமிருந்து வலமாகப் போகும் சொல்லும் மேலிருந்து கீழாக வரும் சொல்லும் ஒரு கட்டத்தைப் பங்குபோடும். அங்கே வரும் எழுத்து இரண்டுக்கும் பொருந்தியாக வேண்டும் என்பதால், அதுதான் தீர்ப்புச் சொல்லும்.

‘சூரியன் (5)’ என்று குறிப்பு இருக்கிறது. ‘கதிரவன்’ வரும், ‘பகலவன்’ வரும். இரண்டிலும் கடைசி இரண்டு கட்டங்கள் வ, ன் தான். அங்கே எத்தனை சொல் வெட்டினாலும் பயனில்லை. ஆனால் பலர் அந்த ‘ன்’ பொருந்தியதுமே, மனதில் முதலில் வந்த சொல்லை எழுதிவிடுவார்கள்! இரட்டையரை மூக்கை வைத்துப் பிரிக்க முடியாது, ஒருவருக்கு மட்டும் உள்ள மச்சத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் மூன்று கட்டங்களைப் பாருங்கள். இரண்டாம் கட்டத்தில் ஒரு சொல் மேலிருந்து வந்து முடிகிறது, அதன் குறிப்பு ‘நாளிதழில் படிப்பது (3)’ என்று வைத்துக்கொள்வோம். ‘செய்தி’. கடைசி எழுத்து ‘தி’, அப்போது ‘கதிரவன்’தான். வெட்டும் சொல்லே ஊகமாக இருந்தால் மட்டும் பென்சிலோடு நிறுத்துங்கள். இன்னொரு கட்டமும் ஒத்துவரட்டும்.

இரண்டு விடை வந்தாலே புதிர் தப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வேறுபடும் கட்டம் எதையும் வேறு சொல் வெட்டாமல் விட்டிருந்தால்தான் அது புதிர் அமைத்தவரின் தவறு.