ஜார் வீழ்ந்த பிறகு வந்த எட்டு மாதங்கள்

"ரஷ்யாவில் ஜார் மன்னர் விலகியது 1917 மார்ச்சில், லெனின் ஆட்சியைப் பிடித்தது நவம்பரில். இடையில் இருந்த அரசு ஏன் நிலைக்கவில்லை?"

வணக்கம். அந்தத் தற்காலிக அரசு முதல் உலகப் போரைக் கைவிட மறுத்ததே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. மார்ச் 11 அன்று தலைநகர் பெத்ரோகிராதில் மக்கள் கூட்டத்தைச் சுட்ட வோலின்ஸ்கி படைப்பிரிவினர், மறுநாள் காலை சுட மறுத்துத் தங்கள் அதிகாரியையே கொன்றனர். முடியாட்சி அங்கேதான் சரிந்தது. (தேதிகள் புதிய நாட்காட்டிப்படி.) படைவீரர்களின் மனநிலை அப்படியிருக்க, போர் அமைச்சராக இருந்த கெரன்ஸ்கி ஜூலையில் புதிய தாக்குதலைத் தொடங்கினார். அது சில வாரங்களில் சிதறியது. நிலத்துக்காக ஏங்கிய உழவர்வீட்டுப் பிள்ளைகள் போர்முனையை விட்டு ஊர் திரும்பத் தொடங்கினர். செப்டம்பரில் தளபதி கோர்னிலோவ் தலைநகரை நோக்கிப் படையை அனுப்பியபோது, அதைத் தடுக்கத் தொழிலாளர்களுக்குத் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. அவற்றுள் பல திரும்பி வரவே இல்லை. நவம்பரில் லெனின் தரப்புத் தொழிலாளர் படையான செங்காவலர்களின் கைகளில் அவையும் இருந்தன.