போன் போட்டோ டிப்ஸ் வீடியோ: பிஃபோர், ஆஃப்டர் ஸ்க்ரிப்ட் எப்படி எழுதறது? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, ஜன்னல் வெளிச்சத்துல சாப்பாட்டு போட்டோ எடுக்கறது பத்தி ஒரு நிமிஷ வீடியோ போடலாம்னு இருக்கேன். ஸ்க்ரிப்ட எங்க ஆரம்பிக்கறது?

பதில்: முதல்ல பிஃபோருக்கும் ஆஃப்டருக்கும் நடுவுல எது மாறப் போகுதுன்னு ஒரே வரில எழுதுங்க, அந்த வரில "அப்புறம்", "கூடவே"ன்னு வந்துச்சுன்னா அது ரெண்டு டிப், ரெண்டு ஷாட்டா உடைச்சிடுங்க. இட்லித் தட்டையே எடுத்துக்கலாம். நிறைய பேர் பிஃபோர்ல தட்ட ஹால் நடுவுல வச்சு டியூப்லைட் போட்டு எடுக்கறாங்க, ஆஃப்டர்ல ஜன்னல்கிட்ட கொண்டு போய் லைட்டையும் அணைச்சிட்டு, சட்னிக் கிண்ணத்தையும் நகர்த்தி வச்சு எடுக்கறாங்க. படம் நல்லாத்தான் இருக்கும், ஆனா எதனால நல்லா வந்துச்சுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியாதே. அதனால பிஃபோர்லயே தட்டு ஜன்னலுக்குப் பக்கத்துல, வெளிச்சம் ஒரு சைடுல இருந்து விழற மாதிரி இருக்கட்டும், போன் ட்ரைபாட்ல அசையாம நிக்கட்டும், டியூப்லைட்ட மட்டும் அணைங்க. ஸ்க்ரிப்ட்ல இப்படி வரும்:

பிஃபோர் போட்டோ, 3 செகண்ட்: "மேல லைட் எரியுது. இட்லி தட்டையா இருக்கு."
சுவிட்ச அணைக்கற கை, 2 செகண்ட், பேச்சு வேணாம், அந்த க்ளிக் சத்தம் போதும்.
ஆஃப்டர், 4 செகண்ட்: "இப்ப இட்லியோட உப்பல் தெரியுது."

மேல இருந்து வர்ற வெளிச்சம் நிழல நிரப்பிடுது, அத எடுத்ததும் ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம் நிழல் விழுந்து உருண்டை தெரியுது, அவ்ளோதான் சங்கதி. உச்சி வெயில்ல மட்டும் இத எடுக்காதீங்க, ஜன்னல் வெளிச்சம் பலமா இருந்தா டியூப்லைட் எரிஞ்சாலும் அணைஞ்சாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலைல இல்லன்னா சாயங்காலம் வெளிச்சம் கொஞ்சம் மங்கலா இருக்கறப்ப வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்.

கேள்வி: வெளிச்ச அளவும் ஃபோகஸும் மாறாம பூட்டி வைக்கற AE/AF LOCK இருக்கே, ரெண்டு போட்டோவையும் ஒரே லாக்ல எடுத்தாதான் நியாயமான ஒப்பீடுன்னு படிச்சேன். கரெக்ட்தானே?

பதில்: பாதி கரெக்ட் தம்பி. கேமரா கோணம், பின்னணி இந்த மாதிரி டிப்புக்கு லாக் நல்லது. ஆனா இட்லி விஷயத்துல லாக் போட்டுட்டு லைட்ட அணைச்சா ஆஃப்டர் இருட்டா வந்துடும், பாக்கறவங்க "இதுக்கு முன்னாடி இருந்ததே தேவலை"ன்னு போயிடுவாங்க. லாக்க விட்டுட்டு ரெண்டுலயும் இட்லிய தொட்டு, சூரியன் மாதிரி வர்ற ஸ்லைடர இழுத்து இட்லியோட வெள்ளை ரெண்டுலயும் ஒரே அளவுக்கு இருக்கற மாதிரி பண்ணுங்க. அப்பதான் கண்ணுக்கு நிழல் மட்டும் மாறினது தெரியும். வெளிச்சம் கம்மியானதும் சில போன் தானா நைட் மோடுக்குப் போகும், அதையும் அணைச்சு வைங்க.

கேள்வி: ஆஃப்டர் போட்டோவ எந்த ஆப்ல எடிட் பண்றீங்க மேடம்?

பதில்: எடிட் பண்றதில்லைங்க. பண்ணிட்டா சுவிட்ச அணைச்சதால வந்த அழகா, ஆப்ல வந்த அழகான்னு யாருக்கும் புரியாது. எடிட்டிங்கே டிப்புன்னா ஒரே போட்டோவ ரெண்டு விதமா காட்டுங்க, அது தனி ஷாட்.

கேள்வி: நான் புடவை விக்கறேன்மா, எனக்கு உப்பல் எல்லாம் வேண்டாம். அரக்கு கலர் போட்டோல செங்கல் கலரா வருது, கஸ்டமர் திருப்பி அனுப்பறாங்க.

பதில்: கடைல மஞ்ச பல்பு எரியுதான்னு பாருங்கம்மா. ஜன்னல் வெளிச்சமும் மஞ்ச வெளிச்சமும் ஒரே புடவை மேல விழுந்தா போன் ரெண்டுக்கும் நடுவுல எதையோ புடிச்சுக்கும், ஒரு மடிப்பு ஒரு கலர்லயும் அடுத்த மடிப்பு வேற கலர்லயும் வரும். பல்ப அணைச்சிட்டு எடுத்து, போட்டோவையும் புடவையையும் ஜன்னல்கிட்ட பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்பவும் சில அரக்கு, கத்திரிப்பூ கலர் சரியா வராது, பாக்கற போன் ஸ்க்ரீனே ஒவ்வொண்ணும் வேற மாதிரி காட்டும், அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.

கேள்வி: சுவிட்ச அணைக்கற ஷாட்ல கருப்புக் கோடு ஓடுது அக்கா.

பதில்: நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், வீடியோ 30 ஃப்ரேம்ல இருந்தா சில லைட்டுக்கு இப்படி ஆகும். 25 ஃப்ரேமுக்கு மாத்துங்க, ப்ரோ வீடியோ மோடு இருந்தா ஷட்டர 1/50ல வைங்க. இன்னும் ஓடினா லைட்டதான் மாத்தணும்.

கேள்வி: ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல காட்டலாமா?

பதில்: நிமிர்ந்த வீடியோல வேணாம், ரெண்டும் ஒல்லிக் கீத்தா ஆகி தட்டு பாதி வெட்டுப்படும். மேலயும் கீழயும் வைங்க, இல்ல முழுசா ஒண்ணு காட்டி டக்குன்னு அடுத்ததுக்கு வெட்டுங்க, ட்ரைபாட்ல எடுத்திருந்தா தட்டு குதிக்காது.

கேள்வி: ஆஃப்டர முதல்ல காட்டினாதான் ஜனங்க நிக்கறாங்க. நீங்க பிஃபோர்ல ஆரம்பிக்க சொல்றீங்களே?

பதில்: ஃபேன்சி ப்ளேட்டிங்னா நீங்க சொல்றது சரியா இருக்கலாம். இட்லி ஆஃப்டர முதல்ல பாத்தா "சரி, இட்லி"ன்னு தள்ளிடுவாங்கன்னு என் கணக்கு. ரெண்டு விதமாவும் போட்டுப் பாருங்க, எது ஓடுச்சுன்னு எனக்கும் வந்து சொல்லுங்க.