பங்காளி விலகும்போது விலையும் வாடிக்கையாளரும்

கேள்வி: பினாங்கில் நண்பரோடு சேர்ந்து ஏர்கோன் சேவை செண்டிரியான் பெர்ஹாட் நடத்துகிறேன். 40 விழுக்காடு பங்கு அவருடையது. விலகப் போவதாகச் சொல்லி 180,000 ரிங்கிட் கேட்கிறார். வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் அவரைத்தான் அழைப்பார்கள். எப்படி முடிவு செய்வது?

பதில்: அவர் கேட்கும் தொகை எந்த இலாபத்திலிருந்து வந்தது என்பதை முதலில் பாருங்கள். ஆண்டுச் சராசரி இலாபம் 150,000 ரிங்கிட் என்றும், அதை மூன்றால் பெருக்கி 40 விழுக்காடு எடுத்தார் என்றும் கொண்டால், 180,000 சரியாக வந்துவிடும். ஆனால் நீங்கள் இருவரும் மாதம் 4,000 ரிங்கிட் மட்டுமே சம்பளம் எடுத்து, அதே வேலைக்கு வெளியாளை அமர்த்த 6,000 ஆகுமென்றால், அந்த இலாபத்தில் 48,000 உங்கள் உழைப்பின் கூலியே. அதைக் கழித்தால் 102,000 எஞ்சும். பங்கின் மதிப்பு 122,400 ஆகிறது. மூன்று மடங்கு என்பதும் சட்டம் வகுத்ததன்று, பேசி ஒத்துக்கொள்வதுதான். அவர் நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்த பணம் இருந்தால், அதைப் பங்கு விலையில் கலக்காமல் தனிக் கணக்காக எழுதுங்கள்.

பணத்தைத் தர வேண்டியவர் நீங்கள்; நிறுவனம் அன்று. தனியார் நிறுவனம் தன் பங்கைத் தானே வாங்குவதை 2016 நிறுவனச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. நிறுவனக் காசோலையில் தவணை கட்டிவிட்டுப் பின்னர் கணக்காய்வாளரிடம் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இலாப ஈவாக உங்கள் கைக்கு வந்த பிறகே அது அவருக்குப் போக வேண்டும்.

விலை 120,000 என்று முடிந்தால், பங்கு மாற்றப் பத்திரத்தில் கையெழுத்திடும் நாளில் 40,000, அடுத்த 12 மாதங்களுக்கு மாதம் 5,000 என்று கொடுத்து, எஞ்சிய 20,000-ஐ வாடிக்கையாளர் ஒப்படைப்புக்காக நிறுத்தி வையுங்கள். பத்திரத்துக்கான 0.3 விழுக்காடு முத்திரை வரி, விலை அல்லது பங்கு மதிப்பு, இவற்றில் எது கூடுதலோ அதன்மீது கணக்கிடப்படும்; 120,000-க்கு 360 ரிங்கிட்.

உங்கள் தொழிலில் ஒப்படைப்பு என்பது பெரும்பாலும் ஒரு தொலைபேசி எண்தான். வீட்டுக்கு வீடு ஏர்கோன் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் அவருடைய கைப்பேசி எண் இருந்தால், அவர் போன மறுநாளும் அழைப்பு அவருக்கே போகும். முதல் தவணைக்கு முன்பே அந்த எண்ணை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மறுத்தால், ஸ்டிக்கர்களை மாற்றும் செலவை விலையில் கழிக்கலாம். ஆண்டு ஒப்பந்தக்காரர்களில் பெரிய ஐவரை இருவரும் சேர்ந்தே நேரில் சந்தியுங்கள். ஓராண்டுக்குள் அவர்களில் எவராவது அவருடைய புதிய தொழிலுக்கு மாறினால், ஒருவருக்கு 4,000 வீதம் நிறுத்திய தொகையில் குறையும் என்று எழுதுங்கள். கடையை மூடியவரை இதில் சேர்ப்பது நியாயமாகாது.

அவர் போட்டித் தொழிலே செய்யக்கூடாது என்ற தடையை மட்டும் நம்ப வேண்டாம். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தொழில் தடைகளைச் செல்லாதவையாக்குகிறது. நற்பெயரை விற்பவருக்கு நியாயமான எல்லைக்குள் தடை விதிப்பது ஒரு விதிவிலக்கு என்பதால், பங்கோடு நற்பெயரும் விற்கப்படுவதாக ஒப்பந்தத்தில் வழக்கறிஞரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

வங்கிக் கடனுக்கு அவர் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தால், இயக்குநர் பதவியை விட்டாலும் அது தானாக நீங்காது. வங்கியின் விடுவிப்புக் கடிதம் வரும்வரை அவர் கையெழுத்திடத் தயங்குவார். எனவே வங்கியிடம் முதலில் பேசிவிட்டு நாளைக் குறியுங்கள்.