திங்கட்கிழமை ரசீதுகள்: கேள்வி பதில்

ஒரு அம்மா, மதுரை: வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் பையன் கேமில் ஏதேதோ வாங்குகிறான். எப்படி?

ரொக்கமாகக் கொடுக்கிறீர்களா? அப்படியென்றால் வழி இருக்கிறது. என் செல்போன் கடைக்கு வந்த ஒரு அப்பா, மகன் கதையைச் சொல்கிறேன். பையன் பத்தாம் வகுப்பு. திங்கள்தோறும் டியூஷனுக்கு முன்னால் டிபன் சாப்பிட 100 ரூபாய். ஒரு நாள் காசு போட்டும், கேமுக்குள் காசு மாதிரி செலவழிக்கும் வைரம் ஏறவில்லை. புகாருக்கு ஆதாரம் கேட்டதால் பிளே ஸ்டோரின் `Budget & history` பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறான். படம் கேலரியிலேயே கிடந்தது. அப்பா வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டுவிட்டது.

ஐந்து வரிகள், ஒவ்வொன்றும் ₹80. அப்பா தேதியைப் பார்த்தார். எல்லாம் திங்கட்கிழமை, கடைசித் திங்களில் மட்டும் இரண்டு. நூறில் எண்பது போக மிஞ்சிய இருபது நான்கு வாரம் சேர்ந்து இன்னொரு எண்பது. ஆக நான்கு வாரக் காசும் சரியாக அதில்தான் போயிருக்கிறது.

வங்கியில் ஏன் தெரியவில்லை என்று கேட்டு என்னிடம் வந்தார். மெயிலுக்கு வந்த ரசீதைத் திறந்தேன். `GPA.` என்று தொடங்கும் ஆர்டர் எண், பணம் போன வழி `Google Play balance`. டியூஷனில் ஒரு அண்ணனிடம் ரொக்கத்தைக் கொடுக்க, அவர் தன் யுபிஐயில் பிளே ஸ்டோர் ரீசார்ஜ் கோடு வாங்கித் தந்திருக்கிறார். அதைப் போட்டால் காசு பிளே இருப்பில் ஏறிவிடும், வங்கிக்கு வேலையே இல்லை.

அப்பா திட்டவில்லை. "நாலு வாரமா சாப்பிடாமலா டியூஷனுக்குப் போன?" என்றுதான் கேட்டார். பையன் கடைக் கண்ணாடிமேல் விரலால் கோடு போட்டுக்கொண்டே நின்றான்.

இன்னொருவர்: பிளே ஸ்டோரில் மாத பட்ஜெட் ₹200 போட்டுவிட்டேன். இனி அதற்கு மேல் வாங்க முடியாதே?

பட்ஜெட் போட்டது நல்லதுதான், ஆனால் அது தடுக்காது. வரம்பை நெருங்கினால் தெரிவிக்கும், அவ்வளவுதான். வாங்கும்போது ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். அந்தக் கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அதுவும் வீண்.

ஒரு தாத்தா: பேரன் கணக்கில் நிறைய வைரம் இருக்கிறதாம். அதை வங்கிக்கு எப்படி மாற்றுவது?

மாற்ற முடியாது ஐயா. காசு உள்ளே போகும், திரும்பி வராது. வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் பிளே ஸ்டோரில் ரீஃபண்ட் கேட்டுப் பார்க்கலாம், தருவார்கள் என்று உறுதி இல்லை. ரீசார்ஜ் கோடு வழியாகப் போட்ட காசு கிடைத்தாலும் பிளே இருப்புக்குத்தான் வரும், கைக்கு வராது.

பதினாறு வயசு: அது என் பாக்கெட் மணிதானே? வீட்டில் ஏன் கணக்கு கேட்கணும்?

செலவுக்கென்று கொடுத்த காசு என்றால் உன் பக்கம் நியாயம் இருக்கிறது, தம்பி. டிபனுக்குக் கொடுத்தது வேறு. அந்த அப்பா இப்போது இரண்டையும் தனித்தனியாகத் தருகிறார். பையன் இன்னும் விளையாடுகிறான். சாப்பிடுகிறானா என்று அவருக்கும் தெரியாது.