தயாமயி ஏன் படகில் ஏறவில்லை?

கேள்வி: சத்யஜித் ராயின் ‘தேவி’ கடைசியில் ஒரு குழந்தையைச் சாகவிட்டு, தெய்வ நம்பிக்கையைப் பொய்யென்று தீர்ப்பளிக்கும் நாத்திகப் படம்தானே? அதை எதற்காகக் கலை என்று கொண்டாட வேண்டும்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இறந்த குழந்தையை நினைவு வைத்திருக்கும் தாங்கள், பிழைத்த குழந்தையை மறந்துவிட்டீர்கள். 1960இல் வெளிவந்த அந்தப் படத்தில், காளி பக்தரான ஜமீன்தார் காளிகிங்கர் தாம் கண்ட கனவை நம்பி, தமக்குப் பணிவிடை செய்துவந்த இளைய மருமகள் தயாமயியின் காலில் விழுந்து அவளை அம்பிகை என்று அறிவிக்கிறார். செய்தி அறிந்து கல்கத்தாவிலிருந்து ஓடிவரும் கணவன் உமாபிரசாத் தந்தையோடு வாதிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில்தான், அவளுடைய பாத தீர்த்தம் பருகிய ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை கண் விழித்துவிட்டதாகச் செய்தி வருகிறது. அந்தப் பிள்ளை எப்படிப் பிழைத்தது என்பதைப் படம் எங்கும் விளக்குவதில்லை. நம்பிக்கையைப் பொய்யாக்குவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், ராய் இந்தக் காட்சியை வெட்டியிருப்பார், அல்லது அதற்கு ஒரு மருத்துவக் காரணமாவது சொல்லியிருப்பார்.

படத்தின் உயிர் அதற்கடுத்த ஆற்றங்கரைக் காட்சியில் இருக்கிறது. மனைவியைப் படகில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அழைத்துப்போக உமாபிரசாத் இரவோடு இரவாக வருகிறான். கரையில், பூஜை முடிந்து ஆற்றில் கரைக்கப்பட்ட சிலையின் வைக்கோல் கூடு கிடக்கிறது. அதைக் கண்டு நின்றுவிடும் தயாமயி, தான் ஒருவேளை உண்மையிலேயே தேவியாக இருந்துவிட்டால் என்ன ஆவது என்று அஞ்சி வீட்டுக்கே திரும்புகிறாள். அதுவரை அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மாமனார் அறிவித்தார், ஊர் கும்பிட்டது. இப்போதோ அந்த ஐயம் அவளுடைய சொந்த ஐயமாகிவிட்டது. பிள்ளை பிழைத்ததைக் கண்ணால் பார்த்த ஒரு பெண்ணுக்கு அப்படித் தோன்றுவதை மூடத்தனம் என்று சொல்லி நம்மால் தள்ளிவிட முடியாது. படித்த கணவனிடமும் அதற்கு மறுமொழி இல்லை. அவளை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறான். அவனுடைய பகுத்தறிவை இப்படித் தோற்கவைத்துக் காட்டும் படத்தை நாத்திகப் பிரசாரம் என்று எப்படிச் சொல்வது?

படம் யாரையும் குற்றம் சாட்டவில்லை என்று நான் வாதிட வரவில்லை. வீட்டுக் குழந்தை கோகா நோயில் விழும்போது, மருத்துவம் அவனுக்கு எட்டாமல் போவதற்குக் காரணம் காளிகிங்கரின் அதிகாரம். அவர் சொல்லை மீறி அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. அந்த அதிகாரத்தின் மீது ராய் கடுமையாகவே இருக்கிறார். ஆனால் குழந்தை இறந்தபின் காளியின் திருமுன் விழுந்து அழும் அந்தக் கிழவரை அவர் போலிச் சாமியாராக்கவில்லை. கனவு கண்டது முதல் கடைசிவரை அவருடைய பக்தி மெய்யானது, படத்தின் பயங்கரமும் அதுதான். தெய்வம் உண்டா என்ற விசாரணைக்குள் கேமரா நுழையவே இல்லை. அது பார்த்துக்கொண்டிருப்பது, பதினேழு வயதைத் தாண்டாத ஒரு பெண்ணின் முகத்தை.